வெட்டுறதா, பொறுக்கிறதா: ஒரு சின்னப்பிள்ளையின் குறட்டையும் எங்கட ஆறு மாதமும்

எங்கட வீடுகளில் சின்னப்பிள்ளை குறட்டை விட்டால் சிரிப்போம். "அப்பப்பாவைப் போலவே இழுக்கிறான்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போவோம். அசந்து தூங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று ஒரு நினைப்பு. உண்மையில் குறட்டை என்பது நல்ல நித்திரையின் சத்தம் இல்லை. ஒடுங்கின வழிக்குள்ளால் காற்று போகும்போது தொண்டையின் மெல்லிய சதை அடிபடுகிற சத்தம் அது. தடிமன் காலத்தில் இரண்டு நாள் குறட்டை விடுவது வேறு. தடிமன் இல்லாத நாளிலும், கிழமையில் மூன்று நாலு இரவுக்கு மேல், அறைக்கு வெளியே கேட்கிற அளவுக்கு விட்டால், அந்த வழி ஏன் ஒடுங்கியிருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அக்காவின்ர சின்னவனுக்கு அப்போது நாலு வயதும் மூன்று மாதமும். எங்கட வீட்டில் அவனோடு படுப்பது அக்காவும் அம்மாவும், லீவுக்கு வந்தால் கம்பஸ்காரியும். அந்த மூன்று பேரும்தான் இந்தக் கட்டுரையில் வருகிற "நாங்கள்". எங்களில் ஒருவரும் வைத்தியம் படிக்கவில்லை, கலைப்பீடத்தில் இருக்கிற ஆளுக்கு விஞ்ஞானம் ஓ.எல். உடன் முடிந்துவிட்டது. ஆனால் ரொன்சிலை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில் ஆறு மாதம் நின்றோம். அந்த ஆறு மாதத்தில் விளங்கிக்கொண்டதை எழுதினால் வேறு வீடுகளுக்கும் உதவும் என்று நினைக்கிறோம்.

வழி ஏன் ஒடுங்குகிறது

வாயைத் திறந்தால் உள்நாக்கின் இரண்டு பக்கமும் தெரிகிற சதைத் திரட்சிகள்தான் ரொன்சில். ஊரில் தொண்டைமுளை என்பார்கள். அதே வகைச் சதை மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலேயும் இருக்கிறது. அதன் பெயர் அடினொயிட். அது வாயைத் திறந்தாலும் தெரியாது. இரண்டும் கிருமிகளை அடையாளம் காணப் பழகுகிற இடங்கள். அதனால் பிள்ளை புதிது புதிதாகக் கிருமிகளைச் சந்திக்கிற வயதில் அவை பெருக்கின்றன. மூன்று வயதுக்கும் ஆறு ஏழு வயதுக்கும் இடையில்தான், தொண்டையின் அளவோடு ஒப்பிட்டால், அவை ஆகப் பெரிதாக இருக்கும். அதற்குப் பிறகு முகமும் தொண்டையும் வளர, இந்தச் சதை மெல்ல மெல்லச் சுருங்கும்.

"பொறுத்துப் பார்ப்போம்" என்று வைத்தியர்கள் சொல்வதற்கு அடிப்படை இதுதான். அது சமாளிப்புக்காகச் சொல்கிற சொல் இல்லை, பல பிள்ளைகளுக்குக் காலமே வழியைத் திறந்துவிடும். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்குச் சதை தானாகச் சுருங்க இன்னும் மூன்று நாலு வருடம் இருக்கிறது. அந்த வருடங்களை இந்தப் பிள்ளை எந்த விலை கொடுத்துக் கடக்கும் என்பதுதான் கேள்வி. சில பிள்ளைகளுக்கு விலை வெறும் சத்தம் மட்டுமே. சில பிள்ளைகளுக்கு ஒவ்வொரு இரவும் மூச்சு அடைபட்டு, ஒட்சிசன் இறங்கி, மூளை திடுக்கிட்டு எழுந்து, மறுபடி படுத்து, திரும்பவும் அடைபட்டு என்று போகும். பெயர் இரண்டுக்கும் குறட்டைதான்.

வீட்டில் மூன்று கட்சி

அம்மாவின் கட்சி: "வெட்டக் குடுக்காதை பிள்ளை. உங்களுக்கெல்லாம் சின்னனிலை தொண்டை வீங்கினதுதானே, வளர வளரப் போகேல்லையே?" கட்டாரில் வேலை செய்யிற அத்தானின் கட்சி: "நான் லீவிலை நிக்கேக்கையே செய்து முடிப்பம். பிறகு நீ தனிய அலையப் போறாய்." மாமியின் கட்சி வேறு: ரொன்சிலை எடுத்தால் உடம்பின் காவல் போய்விடும், பிறகு அடிக்கடி காய்ச்சல் வரும்.

மூன்றிலும் ஒவ்வொரு உண்மை இருந்தது. மாமியின் பயத்தைக் கிளினிக்கிலேயே கேட்டோம். தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் போல இந்தச் சதை இருக்கிறது என்றும், நாக்கின் அடியிலும் தொண்டைச் சுவரிலும் மிச்சம் இருப்பது அந்த வேலையைத் தொடர்ந்து செய்யும் என்றும் டொக்டர் சொன்னார். எடுத்த பிள்ளைகள் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் போவதில்லை. ஆனாலும் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

அம்மாவின் பேச்சில் ஒன்று விடுபட்டிருந்தது. எங்களுக்குச் சின்னனில் வந்தது தொண்டை நோவும் காய்ச்சலும். அதற்காக ரொன்சிலை எடுப்பதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது: ஒரு வருடத்தில் ஏழு தரம், அல்லது இரண்டு வருடம் வருடத்துக்கு ஐந்து தரம், அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு மூன்று தரம் சரியான தொண்டை அழற்சி வந்திருக்க வேண்டும். சின்னவனுக்கு வருடத்தில் இரண்டு தரம்தான் தொண்டை நொந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் அவனுக்கு ஒப்பரேசன் தேவையே இல்லை. அவனுடைய பிரச்சினை மூச்சுவழி. அதற்கு அளவுகோல் வேறு.

ரோர்ச் வெளிச்சத்தில் தெரியாதது

ஈ.என்.ரி. கிளினிக்கில் டொக்டர் ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு "பிளஸ் மூன்று" என்று எழுதினார். ரொன்சிலின் பருமனை ஒன்றிலிருந்து நாலு வரை எண் போட்டுச் சொல்வார்கள். தொண்டையின் அகலத்தில் கால்வாசிக்குள் என்றால் ஒன்று, அரைவாசி வரை இரண்டு, முக்கால்வாசி வரை மூன்று, அதற்கு மேல் நாலு. நாலு என்றால் இரண்டும் நடுவில் முட்டுகிற மாதிரி இருக்கும்.

மூன்று என்றதும் அக்கா பயந்துவிட்டா. டொக்டரோ அந்த எண்ணை எழுதி வைத்துவிட்டுத் தொண்டையைப் பற்றிக் கதைப்பதை விட்டார். அடுத்த பத்து நிமிடமும் இரவைப் பற்றித்தான் கேட்டார். குறட்டை நடுவில் நின்றுபோகிறதா? நின்றுவிட்டு ஒரு இழுப்போடு திரும்ப வருகிறதா? கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்கிறானா? தலையணை வியர்வையில் நனைகிறதா? நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்ததா? பகலில் வாயால் மூச்சு விடுகிறானா? இறைச்சி, பாண் கரை மாதிரிக் கட்டியான சாப்பாட்டை விழுங்கக் கஷ்டப்படுகிறானா? பாலர் பாடசாலையில் ரீச்சர் என்ன சொல்கிறா?

கடைசிக் கேள்வி எங்களுக்குப் புதினமாக இருந்தது. பெரிய ஆட்களுக்கு இரவு நித்திரை கெட்டால் பகலில் தூங்கி விழுவார்கள். சின்னப்பிள்ளைகளில் பலர் அப்படித் தூங்குவதில்லை. மாறாகத் துள்ளுவார்கள், எரிந்து விழுவார்கள், ஒரு இடத்தில் இருக்கமாட்டார்கள். குழப்படி என்று நாங்கள் பெயர் வைத்திருந்ததில் ஒரு பகுதி இரவிலிருந்து வந்திருக்கலாம்.

பருமனும் மூச்சும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தி வராது என்பதை டொக்டர் அழுத்திச் சொன்னார். ரோர்ச்சில் பார்ப்பது விழித்திருக்கிற பிள்ளையின் தொண்டை. நித்திரையில் தசை தளரும்போது என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. அடினொயிட்டும் அதில் தெரியாது. எங்கட பக்கத்து வீட்டிலேயே இதற்குச் சாட்சி இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆறு வயது. ரொன்சில் நாலாம் அளவு, நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அவளின் குறட்டை ஒரே சீராகப் போகும், நடுவில் நிற்காது. நிறை கூடுகிறது, பள்ளிக்கூடத்தில் ஒரு குறையும் இல்லை. அவளைப் பார்க்கச் சொல்லித்தான் விட்டிருந்தார்கள். எங்கட சின்னவனுக்கு அவளைவிடச் சின்ன ரொன்சில், ஆனால் இரவு மோசம்.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது

முதல் நாள் டொக்டர் வெட்டுவோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மூண்டு மாசம் பாருங்கோ. ஆனால் சும்மா பாக்கிறேல்லை" என்றார். செய்ய வேண்டியதாக மூன்று காரியம் தந்தார்.

முதலாவது வீடியோ. இதை எப்படி எடுப்பது என்று சொல்லித் தந்தது பெரிய உதவி. பிள்ளை படுத்த உடனே எடுக்கிற வீடியோவில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கனவு வருகிற நித்திரைக் கட்டம் இரவின் பின்பாதியில்தான் கூடுதலாக வரும். அந்தக் கட்டத்தில் தசைகள் ஆகத் தளர்ந்திருக்கும், மூச்சடைப்பும் அப்போதுதான் கூடும். ஆகவே விடிய மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எடுக்கச் சொன்னார். சேட்டைக் கழற்றி அல்லது மேலே உயர்த்தி, முகமும் நெஞ்சும் வயிறும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ஃபேன் சத்தம் குறைவாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம் போதும், ஆனால் வேறு வேறு நாளில் எடுக்க வேண்டும்.

வீடியோவில் பார்க்க வேண்டியது சத்தத்தை அல்ல, சத்தம் நிற்கிற இடத்தை. சத்தம் நின்ற நேரத்தில் நெஞ்சு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கியபடி இருக்க, காற்றுச் சத்தம் மட்டும் இல்லையென்றால், பிள்ளை மூச்சு எடுக்க முயல்கிறது, வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சு உள்ளே குழிவதும் வயிறு வெளியே தள்ளுவதும் அந்த முயற்சியின் அடையாளம். நெஞ்சே அசையாமல் சில வினாடி நின்று, பிறகு அமைதியாகத் தொடர்ந்தால் அது வேறு வகை. நித்திரையில் அப்படிச் சின்னச் சின்ன இடைவெளிகள் சாதாரணமாகவும் வரும். பெரியவர்களுக்குப் பத்து வினாடி நின்றால்தான் கணக்கு. பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் இரண்டு மூச்சு தவறினாலே கணக்கில் எடுப்பார்கள்.

இரண்டாவது மூக்கு. இரவு படுக்க முன்னம் உப்புத்தண்ணி ஸ்ப்ரே, பிறகு ஸ்ரிரொயிட் ஸ்ப்ரே, ஆறு கிழமைக்கு. ஸ்ரிரொயிட் என்ற சொல்லுக்கு அம்மா பயந்தா. மூக்குக்குள் மட்டும் வேலை செய்கிற சின்ன அளவு அது. ஆனால் அம்மாவின் பயத்துக்குச் சாதகமான செய்தியும் ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் குறட்டை விடுகிற பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஸ்ரிரொயிட் ஸ்ப்ரேயும் மற்றப் பகுதிக்கு வெறும் உப்புத்தண்ணி ஸ்ப்ரேயும் ஆறு கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். 2023 இல் வந்த முடிவின்படி இரண்டு பகுதியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, பத்துப் பேரில் நாலு பேருக்கு அறிகுறிகள் தீர்ந்தன. ஒப்பரேசன் பற்றி யோசிக்க முன்னம் மூக்கைக் கழுவிப் பார்ப்பது வீண்வேலை இல்லை என்பதற்கு அது நல்ல காரணம். இதோடு நுளம்புத்திரிப் புகையையும் சாம்பிராணியையும் படுக்கிற அறையிலிருந்து எடுத்தோம்.

மூன்றாவது நிறை. பிறந்ததிலிருந்து மிஸ்ஸி நிறை குறிக்கிற அந்தச் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். இந்த வயதில் ஒரு பிள்ளை வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ கூட வேண்டும். சின்னவன் மூன்றே முக்கால் வயதில் 13.6 கிலோ, நாலே கால் வயதில் 13.8. ஆறு மாதத்தில் 200 கிராம். கோடு கீழே விழவில்லை, ஆனால் படுத்துவிட்டது. இரவு முழுக்க மூச்சுக்குப் போராடுகிற பிள்ளை அதிலேயே சக்தியைச் செலவழிக்கும். பெரிய ரொன்சிலால் சாப்பாடும் குறையும். ஆழ்ந்த நித்திரையில் கூடுதலாகச் சுரக்கிற வளர்ச்சி ஹோர்மோனும் நித்திரை குழம்பினால் குழம்பும்.

ஆய்வுகள் எந்தப் பக்கம்

இந்த மூன்று மாதத்தில் எங்களில் வாசிக்கிற ஆள் வாசித்தா. இரண்டு ஆய்வுகள் எங்களுக்கு உண்மையிலேயே உதவின. இரண்டும் அமெரிக்காவில் செய்தவை, இரண்டிலும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதிக்கு உடனே ஒப்பரேசன், மற்றப் பகுதியைக் கவனித்துக் காத்திருக்க விட்டார்கள்.

2013 இல் வந்த முதலாவது ஆய்வில் ஐந்து தொடக்கம் ஒன்பது வயதான 464 பிள்ளைகள். எல்லோருக்கும் நித்திரையில் மூச்சடைப்பு இருந்தது பரிசோதனையில் உறுதியானது. ஏழு மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது, ஒப்பரேசன் செய்த பகுதியில் 79 வீதமானோரின் நித்திரைப் பரிசோதனை சாதாரண நிலைக்கு வந்திருந்தது. காத்திருந்த பகுதியில் 46 வீதம். நடத்தையும் அன்றாட வாழ்க்கையும் ஒப்பரேசன் பகுதியில் கூடுதலாக முன்னேறின. ஆனால் ஆய்வின் முக்கிய கேள்வியான கவனமும் சிந்தனைத் திறனும் சோதித்த பரீட்சையில் இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த 46 வீதத்தை எங்கட வீட்டில் ஒவ்வொருவரும் தங்கட பக்கத்துக்கு இழுத்தார்கள். "பாதிப் பேருக்குத் தானாச் சுகம் வருதே" என்று அம்மா. "பாதிக்குக் கூட வரேல்லையே" என்று அத்தான் வட்ஸ்அப்பில். இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் அந்த ஆய்வில் மிக மோசமாக ஒட்சிசன் இறங்குகிற பிள்ளைகளைச் சேர்க்கவே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையைக் காத்திருக்க வைப்பது பாதுகாப்பு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

2023 இல் வந்த இரண்டாவது ஆய்வு இலேசான பிள்ளைகளைப் பற்றியது. குறட்டை இருக்கும், ஆனால் பரிசோதனையில் மூச்சடைப்பு இல்லை அல்லது மிகக் குறைவு. ஒரு வருடத்துக்குப் பிறகும் கவனத்திலும் சிந்தனைத் திறனிலும் வித்தியாசம் இல்லை. நடத்தை, நித்திரை அறிகுறிகள், இரத்த அழுத்தம் போன்றவற்றில் ஒப்பரேசன் செய்த பிள்ளைகள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த வகை. அவளுக்குப் பொறுத்துப் பார்ப்பதில் இழப்பு பெரிதில்லை. ஒப்பரேசன் செய்திருந்தாலும் அது பிழையில்லை. அங்கே தாய் தகப்பனின் விருப்பத்துக்கு உண்மையான இடம் இருக்கிறது. எங்கட சின்னவன் எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்த ஆய்வு அவனைப் பற்றியது என்று சொல்லலாம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

ஸ்ப்ரேயோடு முதல் மூன்று கிழமை நல்ல மாற்றம். சத்தம் குறைந்தது, வாய் மூடிப் படுத்தான். அம்மா வென்றுவிட்டா என்றே நினைத்தோம். ஆனால் ஆறாம் கிழமை எடுத்த வீடியோவில் சத்தம் முன்னைவிடக் குறைவு, நிற்கிற இடங்கள் மட்டும் அப்படியே இருந்தன. மூன்று நிமிடத்தில் நாலு தரம். நெஞ்சு குழிய, சத்தமில்லாமல், பிறகு ஒரு இழுப்போடு தலையைத் திருப்பினான். காதுக்கு நல்லாக இருந்தது, கண்ணுக்கு இல்லை. மூன்று மாதத்தில் நிறை 100 கிராம் கூடியிருந்தது.

வீடியோவைப் பார்த்த டொக்டர் ஒரு இரவு வார்டில் வைத்து ஒட்சிசன் பார்க்கச் சொன்னார். முழு நித்திரைப் பரிசோதனையில் மூளை அலை, மூச்சுக் காற்று, நெஞ்சசைவு எல்லாம் ஒன்றாகப் பதிவாகும். அந்த வசதி எங்களுக்கு எட்டின தூரத்தில் இல்லை. அதற்குப் பதிலாகக் கால் பெருவிரலில் ஒரு சென்சரை ஒட்டி, இரவு முழுக்க ஒட்சிசன் அளவைப் பதிவு செய்கிற முறை இருக்கிறது. பிள்ளைக்கு நோவு இல்லை. சாதாரணமாக 95க்கு மேலே நேர்க்கோடு போல ஓட வேண்டும். சின்னவனின் தாளில் மூன்று இடத்தில் அந்தக் கோடு வாள்பல் மாதிரி இருந்தது. விடியப்புறம் தொடர்ச்சியாக விழுந்து எழும்பி, ஆகக் குறைந்த இடத்தில் 83.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு எல்லை உண்டு. இப்படிக் கூட்டம் கூட்டமாக விழுந்தால் மூச்சடைப்பு இருப்பது அனேகமாக உறுதி. ஆனால் கோடு நேராக இருந்தால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. ஒட்சிசன் விழ முன்னமே திடுக்கிட்டு எழும்புகிற பிள்ளைகளை அது பிடிக்காது.

படுத்த நிறைக்கோடு, நிற்கிற மூச்சு, விழுகிற ஒட்சிசன். மூன்றும் ஒரே பக்கம் காட்டின. அம்மாவே சொன்னா: "இனிப் பொறுக்கிறதிலை அர்த்தம் இல்லை." ஒப்பரேசனுக்குத் திகதி கிடைக்க இன்னும் ஏழு கிழமை சென்றது.

ஒப்பரேசனின் விலை

மற்றப் பக்கத்துத் தட்டிலும் நிறை இருக்கிறது. முழு மயக்கத்தில் வாய்க்குள்ளால் செய்கிற ஒப்பரேசன். வெளியே வெட்டு இல்லை, ரொன்சிலையும் அடினொயிட்டையும் ஒன்றாக எடுத்தார்கள். முதலே கேட்டவை: குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் நிற்காமல் ஓடுகிற நோய் இருக்கிறதா, ஆடுகிற பல் இருக்கிறதா, கடைசி இரண்டு கிழமைக்குள் தடிமன் காய்ச்சல் வந்ததா. மூச்சடைப்பு உள்ள பிள்ளைக்கு மயக்கம் தெளிகிற முதல் இரவில் மூச்சுத் தடை வரக்கூடும். அதனால் அன்றிரவு வார்டில், விரலில் சென்சரோடு வைத்திருந்தார்கள்.

முக்கியமான ஆபத்து இரத்தப்போக்கு. நூற்றில் சில பிள்ளைகளுக்கு வரும். அது இரண்டு காலத்தில் வரலாம்: முதல் 24 மணித்தியாலம், அல்லது ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். இரண்டாவதுதான் வீட்டில் நடப்பது. புண்ணின் மேல் கட்டின பொருக்கு கழருகிற நாட்கள் அவை. பிள்ளை தேறி ஓடித் திரிகிற நேரம், எல்லோரும் அசந்திருப்பார்கள். வாயில் புது இரத்தம் கொஞ்சம் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. இரவில் இன்னொரு அடையாளம், நித்திரையிலேயே அடிக்கடி விழுங்குவது. இரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள் போகிறது என்று அது காட்டலாம். அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, பெரியம்மா வீட்டில் தங்கினோம். இரவில் ஓட்டோ பிடிக்கக்கூடிய இடம் என்பதுதான் காரணம்.

மூன்றாம் நாள் தொண்டையில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்து "சீழ் பிடிச்சிட்டுது" என்று மாமி பதறினா. அது சீழ் இல்லை, ஆறுகிற புண்ணின் பொருக்கு. வாய் நாறும், காதும் நோகும். காதிலும் தொண்டையிலும் ஒரே நரம்பு ஓடுவதால் வருகிற நோவு அது. நோவுக்குப் பரசிற்றமோல் சிரப்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. சின்னவன் 14 கிலோ என்றால் 210 மில்லிகிராம். எங்கட போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருந்ததால் எட்டே முக்கால் மில்லிலீற்றர் வந்தது. போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், ஆகவே கரண்டிக் கணக்கை இன்னொரு வீட்டிலிருந்து எடுக்கக் கூடாது. முதல் ஐந்து நாளும் நோகுது என்று சொல்லும்வரை பார்க்காமல் நேரத்துக்குக் கொடுத்தோம். நோ கூடினால் விழுங்கமாட்டான், விழுங்காவிட்டால் தண்ணி குறையும், தொண்டை காய்ந்து நோவு இன்னும் கூடும். கோடீன் உள்ள மருந்து பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகளின் உடம்பு அதை மிக வேகமாக மோர்ஃபினாக மாற்றி மூச்சை நிறுத்திவிடும்.

ஐஸ்கிறீம் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்பது கதை. அவன் கஞ்சி, இடியப்பமும் சொதியும், ஆறாம் நாளிலிருந்து சோறு சாப்பிட்டான். குடிப்பதும் விழுங்குவதும்தான் முக்கியம், எதை என்பது அவ்வளவு முக்கியமில்லை.

இப்போது

இரண்டு மாதத்துக்குப் பிறகு நிறை 14.7. விடியப்புற வீடியோவில் ஒன்றும் கேட்கவில்லை, ஃபேன் சத்தம்தான். குழப்படி முழுக்கப் போகவில்லை, அது அவனுடைய சொந்தச் சொத்து என்று தெரிகிறது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி முழுக்கத் தீராது. உடற்பருமன் கூடிய பிள்ளைகளிலும், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளிலும், தாடை அமைப்பு வேறுபட்டவர்களிலும் மிச்சம் நிற்கலாம். அடினொயிட் சிலருக்குத் திரும்ப வளரும். ஆகவே குறட்டை திரும்பினால் திரும்பவும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை இன்னும் நாலாம் அளவு ரொன்சிலோடுதான் இருக்கிறாள். தடிமன் இல்லாத நாளில் குறட்டை இப்போது கிழமைக்கு ஒருக்கா வந்தால் பெரிது. அவளை வெட்டாமல் விட்டதும் சரி, இவனை வெட்டினதும் சரி.

இங்கே ஒரு சிக்கலை மட்டும் சொல்ல வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் இலவசம், ஆனால் வரிசை இருக்கிறது. வரிசையில் நிற்பதையும் கவனித்துக் காத்திருப்பதையும் நாங்கள் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். திகதி கிடைத்துவிட்டது என்று வீடியோ எடுப்பதையும் நிறை பார்ப்பதையும் நிறுத்திவிடுவார்கள். அந்த ஏழு கிழமையிலும் நாங்கள் பார்த்தபடியே இருந்தோம். மூச்சு நிற்பது கூடினால், நிறை இறங்கினால், படுத்தால் மூச்சு எடுக்க முடியாமல் இருந்தபடியே தூங்கத் தொடங்கினால், திகதி வரும்வரை நிற்காமல் கிளினிக்குக்குப் போய்ச் சொல்ல வேண்டும். நித்திரையில் உதடு நீலம் பாரித்தால் கிளினிக் நாளையும் பார்க்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். திகதி கொடுக்கிறவர்களுக்குப் பகலில் ஓடித் திரிகிற பிள்ளையைத்தான் தெரியும். விடிய நாலு மணிக்கு நடப்பதைப் பக்கத்தில் படுக்கிற ஆள்தான் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும்.